குடை பிடிப்பவர் யார்?

செட்டிநாட்டு வீடு ஒன்றின் சாமி அறை. நண்பனின் அப்பத்தா விளக்கேற்றிவிட்டுத் திரும்பினார். அவர் தலைக்கு மேலே, ஆணியில் சற்று முன்சாய்ந்து தொங்கியது பழைய தஞ்சாவூர்ப் படம். பட்டாபிஷேக ராமர். கண்ணாடி மங்கியிருந்தாலும் தங்க ரேக்கு விளக்கொளியில் நன்றாகவே மின்னியது. படத்தில் மொத்தம் பத்துப் பேர். ராமரையும் சீதையையும் அனுமாரையும் யாரும் சொல்லிவிடுவார்கள். மிச்சம் ஏழு பேரில்தான் வம்பு.

“பின்னாடி குடை பிடிக்கிறது பரதன்” என்றார் அப்பத்தா.

“பரதன் பச்சையாத்தானே இருக்கணும்? இவரு வெள்ளையா இருக்காரு. அப்ப இது சத்ருக்னன்” என்றான் நண்பன். எங்கேயோ படித்திருக்கிறான்.

“எங்க மாமியா சொன்னதுப்பா. அவுகளுக்கு அவுக மாமியா சொன்னது.”

இருவருமே ஒருவகையில் சரி என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தப் படத்தைக் கீழே இறக்கி, கையில் உருப்பெருக்கியோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்த கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், நான்கு அண்ணன் தம்பிகளைப் படத்தில் பிரித்தறிவது ஏன் இவ்வளவு சிக்கல் என்பதைப் பார்த்துவிடலாம்.

சிக்கல் ஓவியர்கள் உண்டாக்கியது அல்ல. காப்பியத்திலேயே இருக்கிறது. அசோகவனத்தில் தன் முன்னால் வந்து நிற்கும் வானரம் உண்மையில் ராமதூதன்தானா என்று சீதைக்குச் சந்தேகம். ராமனுடைய அடையாளங்களையும் இலக்குவனுடைய அடையாளங்களையும் சொல் என்கிறாள். வால்மீகியின் அனுமன் ராமனைத் தலை முதல் கால் வரை வர்ணித்துவிட்டு, தம்பியிடம் வரும்போது சுருக்கிக்கொள்கிறான்: அன்பிலும் உருவத்திலும் குணத்திலும் அண்ணனைப் போலவே இருப்பான், அண்ணன் கருநிறம், தம்பி பொன்னிறம். பார்த்துப் பழகியவனுக்கே நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் சொல்லத் தோன்றவில்லை.

நிறம் மட்டும் போதுமா? நான்கு பேருக்கு நான்கு நிறம் இருந்தால் போதும். ஆனால் இருப்பது இரண்டுதான். ராமனும் பரதனும் கருமை. இலக்குவனும் சத்ருக்னனும் பொன். போதாக்குறைக்கு ஒரு கருமையும் ஒரு பொன்னுமாகவே சேர்ந்து திரிவார்கள். ராமனோடு இலக்குவன், பரதனோடு சத்ருக்னன். ஆகவே பழைய சுவரோவியம் ஒன்றில் கருநிறத்தான் ஒருவனும் பொன்னிறத்தான் ஒருவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், அது எந்த ஜோடி என்று நிறத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

இந்தக் குழப்பத்தைக் கம்பர் ஒரு காட்சியாகவே ஆக்கியிருக்கிறார். பரதன் பெரும் படையோடு கங்கைக் கரைக்கு வருகிறான். ராமனைக் கொல்லத்தான் வருகிறான் என்று எண்ணி, குகன் அக்கரையில் வில்லோடு கொதித்து நிற்கிறான். கிட்டே போய்ப் பார்த்ததும் திகைக்கிறான். மரவுரி உடுத்து, ஒளி மங்கி நிற்கும் இவன் தன் நாயகனைப் போலவே இருக்கிறான். பக்கத்தில் நிற்பவனோ அந்தத் தம்பியைப் போலவே இருக்கிறான். ஜோடிக்கு ஜோடி ஒத்துப்போகிறது. குகன் அங்கே நிறத்தை விட்டுவிட்டுத் தோற்றத்தையும் செய்கையையும் பார்க்கிறான். தவவேடம், முகத்தில் துயரம், ராமன் போன திசை நோக்கித் தொழும் கை. அதன் பிறகுதான் அவனுக்குத் தெளிகிறது. ஓவியம் பார்ப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நிறம் ஜோடியைச் சொல்லும். ஆளைச் சொல்வது கை.

முதலில் நிறத்தையே சற்று நெருங்கிப் பார்ப்போம். கருநிறத்தான் என்கிறோம், ஆனால் தஞ்சாவூர்ப் படங்களில் ராமர் பச்சையாக இருப்பார் அல்லது நீலமாக இருப்பார். கரியாகத் தீட்டப்பட்ட ராமரைப் பார்ப்பது அரிது. வடமொழியில் ‘சியாம’ என்ற சொல் கருமையையும் தொடும், கருநீலத்தையும் தொடும், கரும்பச்சையையும் தொடும். தமிழிலும் அப்படித்தான். திருமாலை மேகமென்றும் கடலென்றும் சொன்ன அதே வாய்கள் பச்சைமால் என்றும் சொல்லின. ஓவியனுக்கு இதில் தொழில்முறையான வசதியும் இருந்திருக்க வேண்டும். கரிய உடலில் கரிய மையால் கண்ணும் புருவமும் இழுத்தால் எடுபடாது. பச்சையிலோ நீலத்திலோ கோடு நிற்கும்.

கேரளச் சுவரோவியங்களில் இது இன்னும் இறுக்கமான விதி. அங்கே பச்சை என்பது சத்துவ குணத்தின் நிறம். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் வரிசையாக ஓடுகிறது. கதகளி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே வழிகாட்டியே வேண்டாம். ‘பச்சை’ வேஷம் என்றால் யார் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

சரி, ராமனையும் பரதனையும் எப்படிப் பிரிப்பது? வில்லைத் தேடுங்கள். கோதண்டம் ராமனுடையது. பரதனை வில்லோடு தீட்டும் வழக்கம் நம் பக்கத்தில் மிகக் குறைவு. அவன் கையில் இருப்பது பாதுகை, அல்லது குடை, அல்லது ஒன்றுமில்லாமல் கூப்பிய கை. சித்திரகூடக் காட்சியில்தான் நன்றாகத் தடுமாறுவோம். அங்கே அண்ணனும் மரவுரி, ஜடாமுடி. தம்பியும் மரவுரி, ஜடாமுடி. இருவரும் ஒரே பச்சை. தலையில் பாதுகையைத் தாங்கியிருப்பவன் பரதன். அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை என்றால், உட்கார்ந்திருப்பவன் ராமன், காலில் விழுந்து கிடப்பவன் பரதன்.

பொன்னிற ஜோடியைப் பிரிப்பதும் வில்லால்தான். பட்டாபிஷேகப் படங்களில் ராமர் சிம்மாசனத்தில் அமர்ந்திருப்பார், இலக்குவன் தோளில் வில் சார்த்திக் கைகூப்பி நிற்பான். சில படங்களில் இரண்டு வில் வைத்திருப்பான். ஒன்று தன்னுடையது, மற்றது அண்ணனுடையது. பதினான்கு வருஷம் காவல் நின்ற பழக்கம் போகுமா? சத்ருக்னனுக்கு வில் கிடையாது, சாமரம்தான். பாவம், நால்வரில் தனக்கென்று ஓர் அடையாளம் இல்லாதவன் அவன் ஒருவனே. மற்ற மூவரையும் கண்டுபிடித்த பிறகு மிச்சம் நிற்பவன் சத்ருக்னன். அவனைக் கண்டுபிடிக்க நேரான வழி எனக்குத் தெரிந்து இதுதான்.

இப்போது குடைக்கு வருவோம். பட்டாபிஷேகத்தில் யார் என்ன பிடித்தார்கள் என்பதில் வால்மீகியும் கம்பரும் ஒத்துப்போகவில்லை. வால்மீகியில் வெண்குடை பிடிப்பவன் சத்ருக்னன். ஒரு சாமரத்தைச் சுக்ரீவன் வீசுகிறான், மற்றொன்றை விபீஷணன் வீசுகிறான். கம்பரில் அனுமன் அரியணையைத் தாங்குகிறான், அங்கதன் உடைவாளை ஏந்துகிறான், பரதன் வெண்குடை கவிக்கிறான், இலக்குவனும் சத்ருக்னனும் கவரி வீசுகிறார்கள். நம் வீடுகளில் பாட்டிமார்கள் குடைபிடிப்பவரைப் பரதன் என்று சொல்வது கம்பன் காட்சி. குடைக்காம்பைப் பிடித்திருக்கும் கை பச்சையா பொன்னா என்று பார்த்தாலே அந்த ஓவியன் எந்தக் கதையை மனதில் வைத்துத் தீட்டினான் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். ஓரளவுதான். ஓவியர்கள் இரண்டையும் கலப்பார்கள். இடம் போதாவிட்டால் ஒருவரை நகர்த்துவார்கள். உடைவாளோடு ஓர் இளம் வானரமும் அதே படத்தில் நின்றால் சந்தேகம் இன்னும் குறையும். வாள் ஏந்திய அங்கதன் கம்பன் வீட்டுப் பிள்ளை.

கொடியிலும் இதே கதை உண்டு. குகன் கதையை வால்மீகி வேறு மாதிரி சொல்கிறார். அவருடைய குகன் தூரத்திலிருந்தே, தேரில் பறக்கும் கோவிதாரக் கொடியைப் பார்த்து, வருவது அயோத்திப் படை என்று அடையாளம் கண்டுவிடுகிறான். கோவிதாரம் என்பது நம் மந்தாரை இனத்து மரம். நுனி பிளந்து, மாட்டுக் குளம்பு போல இருக்கும் இலை. பிறகு சித்திரகூடத்தில் இலக்குவன் மரத்தின் மேலேறிப் பார்க்கும்போதும் அவன் கண்ணில் படுவது அதே கொடிதான். அதைப் பார்த்துத்தான் பரதன் சண்டைக்கு வருகிறான் என்று பொங்குகிறான். தூரத்துக்குக் கொடி, கிட்டத்துக்கு நிறம் என்று இரண்டு கவிஞர்களும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது போல இருக்கிறது. 2025 நவம்பர் 25 அன்று அயோத்தி ராமர் கோயில் உச்சியில் ஏற்றிய காவிக்கொடியில் சூரியன், ஓம் இவற்றோடு ஒரு மரமும் இருந்ததைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் கோவிதாரம்தான்.

போர்க்களக் காட்சியில் எதிராளியின் கொடியையும் பாருங்கள். வால்மீகியின் இராவணன் தேரில் மனிதத் தலை பொறித்த கொடி. தமிழ் மரபில் அவனுக்கு வீணைக் கொடி. இசையால் கயிலை நாதனையே இளக வைத்தவன் என்பதால் நாம் அவனுக்குக் கொடுத்த மரியாதை அது. பத்துத் தலையைத் தீட்டிய பிறகு கொடி எதற்கு என்று கேட்கலாம். இராவணனை அடையாளம் காண அது வேண்டாம்தான்; ஓவியனை அடையாளம் காண வேண்டும்.

கூட இருப்பவர்களுக்கு வருவோம். ராமபக்தர்கள் தியானத்துக்குச் சொல்லும் வடமொழிச் சுலோகம் ஒன்று யார் எங்கே நிற்க வேண்டும் என்று இடம் குறித்துக் கொடுக்கிறது. இடப்புறம் சீதை, முன்னால் அனுமன், பின்னால் இலக்குவன், இரு பக்கங்களில் சத்ருக்னனும் பரதனும், வாயு மூலை தொடங்கி நான்கு மூலைகளில் சுக்ரீவன், விபீஷணன், யுவராஜன் அங்கதன், ஜாம்பவான். நடுவில் நீலத் தாமரை போன்ற ராமன். ஓவியனுக்கு இது கோலத்தின் புள்ளிக் கணக்கு மாதிரி. ஆனால் தட்டையான பலகையில் முன்னும் பின்னும் மூலையும் ஏது? பின்னால் நிற்பவர் மேலே போவார், முன்னால் இருப்பவர் கீழே வருவார், மூலைக்காரர்கள் நால்வரும் ஓரங்களிலோ அடி வரிசையிலோ அடங்கிவிடுவார்கள். இடப்புறம் என்றால் ராமரின் இடப்புறம் என்பதையும் மறக்கக் கூடாது. அது நமக்கு வலப்புறம். இந்த ஒன்றில் வழுக்கியவர்கள் ஏராளம், நான் உட்பட.

அந்த நால்வரில் ஜாம்பவானுக்குக் கரடி முகம், குழப்பமே இல்லை. விபீஷணன் மனித உருவம்தான், ஆனால் கிரீடம் இருக்கும், அடர்ந்த மீசை இருக்கும், உதட்டோரம் சின்னதாக ஒரு கோரைப்பல் எட்டிப் பார்க்கும். ராமரின் தம்பிகளுக்குக் கோரைப்பல் கிடையாது. கையில் கதை இருந்தால் இன்னும் உறுதி. சுக்ரீவனும் அங்கதனும் வானர முகம். பெரிய கிரீடமும் கனத்த உடம்பும் ராஜாவுக்கு. சிறிய கிரீடமும் வாளும் இளவரசனுக்கு. அனுமனை இடத்தை வைத்தே பிடிக்கலாம்: ராமரின் பாதத்தைத் தாங்கிக்கொண்டு, அல்லது வாய் பொத்தி நின்று, அல்லது ஏட்டுச்சுவடியைப் பிரித்து வாசித்துக்கொண்டு இருப்பவன். வாசிக்கும் அனுமனைக் கண்டால் ராமரின் வலக்கையைப் பாருங்கள், அது உபதேச முத்திரையில் இருக்கும். வானரர்களின் உடல் நிறத்தை மட்டும் நம் ஊர்ப் படங்களில் நம்பக் கூடாது. ஒரே அனுமன் ஒரு பலகையில் பச்சையாகவும் மற்றொன்றில் வெளிர் சிவப்பாகவும் இருப்பான்.

இந்த நிறக் குழப்பத்தையெல்லாம் துணிந்து தீர்த்துவைத்தவர்கள் தாய்லாந்துக்காரர்கள். பாங்காக் மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் 178 கட்டங்களாக அவர்களுடைய இராமாயணமான ராமகியன் தீட்டப்பட்டிருக்கிறது. முதலில் வரையப்பட்டது முதலாம் ராமா மன்னர் காலத்தில். அதன்பின் பலமுறை புதுப்பித்திருக்கிறார்கள். அங்கே ராமன் பச்சை, இலக்குவன் பொன், பரதன் சிவப்பு, சத்ருக்னன் ஊதா. நான்கு பேர், நான்கு நிறம், முடிந்தது வழக்கு. வானரப் படைக்கும் அப்படியே. அனுமன் வெள்ளை, சுக்ரீவன் சிவப்பு, அங்கதன் பச்சை, நீலபத் என்ற வானர வீரன் கருப்பு. முகமூடி நாடகமான கோனில் எந்த நிறமோ சுவரிலும் அதே நிறம் என்பதால், ஊர்க்காரர்கள் கட்டத்தின் முன்னால் ஒரு நொடி நின்றாலே யார் என்று சொல்லிவிடுவார்கள்.

அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. ராமன் பச்சை என்று மனப்பாடம் செய்துகொண்டு போனால், இராவணனும் பச்சை, விபீஷணனும் பச்சை, வாலியும் பச்சை, அங்கதனும் பச்சை. பச்சையாக இருப்பவரையெல்லாம் கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். முகத்தை முதலில் பார்க்க வேண்டும். மனித முகமா, வானர முகமா, அரக்க முகமா என்று பிரித்துக்கொண்டு, அதற்குப் பிறகே நிறத்துக்கு வர வேண்டும். இந்த வரிசை நம் ஊர்ப் படங்களுக்கும் பொருந்தும். முகம், நிறம், கை, இடம்.

இனி அந்தச் செட்டிநாட்டுப் படம். அப்பத்தாவின் அனுமதியோடு அதை இறக்கி, முன்கட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் சாய்த்து வைத்தோம். முதலில் மறுப்பேச்சில்லாமல் தெரிந்தவர்களைக் கழித்தோம். நடுவே பச்சை ராமர், அவர் இடப்பக்கம் சீதை, காலடியில் அனுமன். அடி வரிசையில் பெரிய கிரீடத்தோடு ஒரு வானரம், சிறிய கிரீடமும் உறையிட்ட வாளுமாக மற்றொரு வானரம், கரடி முகம் ஒன்று, மீசையும் கிரீடமுமாக ஒருவர். ஆக சுக்ரீவன், அங்கதன், ஜாம்பவான், விபீஷணன். மிச்சம் மூவர். ஒருவர் பொன்னிறம், தோளில் வில், கூப்பிய கை, இலக்குவன். ஒருவர் பொன்னிறம், கையில் சாமரம். மூன்றாமவர் சிம்மாசனத்துக்குப் பின்னால் குடைபிடித்து நிற்கிறார். வெளிறிய, கிட்டத்தட்ட வெள்ளை முகம். அண்ணன் தம்பிகளில் பச்சை முகம் ராமருக்கு மட்டும்தான். அப்படியென்றால் பரதன் எங்கே? பொன்னிறத்தார் மூவர் இருக்க முடியாதே.

அங்கதன் வாள் ஏந்தியிருப்பது கம்பன் காட்சியைச் சொல்கிறது. அப்படியானால் குடை பரதனுடையது. ஆனால் கை வெள்ளை. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

பழைய நிறம் பொய் சொல்வதற்குப் பல காரணங்கள் உண்டு. எண்ணெய் விளக்குப் புகையும், மேலே பூசிய வார்னிஷ் மஞ்சளாவதும் சேர்ந்து நீலத்தைப் பச்சையாக்கும், பச்சையைப் பழுப்பாக்கும். ஈயம் கலந்த வெள்ளையும் செந்தூரமும் காலப்போக்கில் கறுக்கும்; சுவரோவியங்களில் பொன்னிறத்தார் சிலர் இப்படிக் கருநிறத்தாராக மாறியிருக்கிறார்கள். அவுரி நீலம் வெயில் பட்டால் வெளிறும். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி, படத்திலுள்ள வேறொரு பொருளைப் பார்ப்பது. முத்துமாலையும் சாமர மயிரும் வெள்ளையாகவே இருந்தால் படம் முழுக்க மஞ்சளிக்கவில்லை என்று பொருள். மாலையின் இலைகள் பச்சையாகவே இருந்தால் பச்சை அழியவில்லை. இங்கே முத்தும் சாமரமும் வெள்ளையாக இருந்தன, இலைகளும் பச்சையாக இருந்தன. ஆக நிறம் தானாக மாறவில்லை. யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

தஞ்சாவூர்ப் படத்தில் வேலை நடக்கும் வரிசை இங்கே கைகொடுக்கும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, கோடு இழுத்து, கற்களைப் பதித்து, மக்கு என்னும் சுண்ணக் குழைவால் ஆபரணங்களை மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, அதற்குப் பிறகுதான் வண்ணம் தீட்டுவார்கள். ஆகவே மூல வண்ணம் ஆபரணத்தின் விளிம்பு வரை ஒட்டி வந்து நிற்கும். பின்னால் தொடுபவனோ தங்கத்தின்மேல் பட்டுவிடுமோ என்று பயந்து, மயிரிழை இடம் விட்டுத் தீட்டுவான். அந்த மயிரிழையில் பழைய நிறம் உயிரோடு இருக்கும்.

உருப்பெருக்கியைக் குடைக்காரரின் கழுத்துக்குக் கொண்டு போனோம். பதக்கத்துக்கும் மார்புக்கும் இடையே நூல் கனத்துக்கு ஒரு கோடு. பச்சை. குண்டலத்துக்குப் பின்னால் காதோரம், பச்சை. பக்கவாட்டில் டார்ச் அடித்தபோது முகத்தில் மட்டும் வண்ணம் கொஞ்சம் தடித்து, பளபளத்து நின்றது. மற்ற முகங்களில் அப்படி இல்லை. கடைசியாக நண்பனின் மகள், பத்து வயது இருக்கும், சிம்மாசனத்தின் காலுக்கும் இலக்குவனின் வேட்டிக்கும் நடுவே விரலை நீட்டினாள். “இது யாரோட கால்?” அங்கே ஒரு பாதம் எட்டிப் பார்த்தது. குடைக்காரருடைய பாதம். முகத்தையும் கையையும் வெள்ளையடித்தவர் காலை மறந்துவிட்டார். ராமரின் பாதம் எந்தப் பச்சையோ அதே பச்சை.

அப்பத்தாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. மாமனார் காலத்தில் படத்தின் மேல்பாதியில் ஈரம் இறங்கி, ஒருவர் முகம் உரிந்துவிட்டதாம். யாரோ ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணினார்களாம். வந்தவருக்கு, ராமர் மட்டும்தான் பச்சை, தம்பிகள் எல்லாரும் சிவப்பு என்று நினைப்பு இருந்திருக்கும். ஒரு மதியத்தில் அவர் கம்பன் படத்தை வால்மீகி படமாக்கிவிட்டார். நண்பன் சொன்னது இன்றைய வண்ணத்துக்குச் சரி. அப்பத்தா சொன்னது அடியில் கிடக்கும் வண்ணத்துக்குச் சரி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தால், அருகிலிருந்து நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதம், காதோரம், விரலிடுக்கு, பதக்க விளிம்பு. இந்த நான்கு இடம் போதும். துடைக்க மட்டும் வேண்டாம். இந்த வண்ணங்கள் பிசினில் குழைத்தவை, ஈரத் துணி பட்டால் துணியோடு வந்துவிடும். மேலே பூசியதைச் சுரண்டி அடியில் இருப்பதை எடுக்கலாமே என்றும் ஆசைப்படாதீர்கள். உரிந்துபோன முகத்தின் அடியில் பழைய முகம் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அது அருங்காட்சியகங்களில் பழுது நீக்குபவர்களின் வேலை, அவர்களே அஞ்சி அஞ்சித்தான் செய்வார்கள்.

படத்தை மறுபடி ஆணியில் மாட்டினோம். அதில் பரதன் இன்னும் வெள்ளை முகத்தோடும் பச்சைக் காலோடும்தான் நிற்கிறார். அப்பத்தா அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.